ப்ளூடூத்தா, கேபிளா, ஹாட்ஸ்பாட்டா: 640 எம்.பி. வீடியோவை லேப்டாப்புக்கு அனுப்பும் கணக்கு

போனில் எடுத்த ஐந்து நிமிட ஃபுல் எச்டி வீடியோ ஒன்று இருக்கிறது. நொடிக்கு 17 மெகாபிட் அளவில் பதிவானால் அது ஏறக்குறைய 640 எம்.பி. வரும். அதை விண்டோஸ் லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். ப்ளூடூத்தில் அனுப்பினால் எல்லாம் நன்றாக அமைந்தாலும் 40 நிமிடம், வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒழுங்கான யுஎஸ்பி கேபிளில் அரை நிமிடம். 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் வழியாகவும் ஏறக்குறைய அதே அரை நிமிடம்தான்.

இவ்வளவு இடைவெளியைப் பார்த்தால் போனிலோ லேப்டாப்பிலோ ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். டிரைவரை அப்டேட் செய்து பார்ப்பார்கள், பேரிங்கை அழித்துவிட்டு மறுபடி பேர் செய்வார்கள், அடுத்த முறை புது வெர்ஷன் ப்ளூடூத் உள்ள போனாகப் பார்த்து வாங்குவார்கள். பெரும்பாலும் இவை எதுவும் உதவாது. ப்ளூடூத்தில் ஃபைல் அனுப்புவதற்கு ஒரு உச்ச வரம்பு இருக்கிறது. அது 2004-இல் வகுக்கப்பட்டது, இன்னும் அங்கேயே நிற்கிறது.

நொடிக்கு 272 கிலோபைட் எங்கிருந்து வருகிறது

ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அந்தப் பட்டையை ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 சானல்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சானலில்தான் பேசும். வைஃபை குறைந்தது 20, 5 கிகாஹெர்ட்ஸில் சாதாரணமாக 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறது. வேக வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்த அகலத்தில்தான் இருக்கிறது. ப்ளூடூத்தை வடிவமைத்தவர்கள் வேகத்தை நோக்கிப் போகவே இல்லை. ஹெட்செட்டும் மவுஸும் சின்ன பேட்டரியில் நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதுதான் அவர்களின் கவலை.

1 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குப் பத்து லட்சம் குறியீடுகளை அனுப்பலாம். முதலில் ஒரு குறியீட்டுக்கு ஒரு பிட்தான் இருந்தது. 2004-இல் வந்த ப்ளூடூத் 2.0-உடன் ஈ.டி.ஆர். என்ற முறை சேர்ந்தது. அதில் ஒரு குறியீட்டில் மூன்று பிட் வரை ஏற்றலாம். விளம்பரங்களில் வந்த '3 எம்பிபிஎஸ்' இதுதான். இது மெகாபிட் கணக்கு என்பதால் எட்டால் வகுத்தால் 375 கிலோபைட். அதுவும் முழுசாகக் கையில் வராது.

ப்ளூடூத்தில் ஒரு நொடி 1600 துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. போன் பேசும்போது லேப்டாப் கேட்கும், பிறகு லேப்டாப் பதில் சொல்லும்போது போன் கேட்கும். மிகப் பெரிய பாக்கெட் ஐந்து துண்டு நேரத்தை எடுத்துக்கொண்டு 1021 பைட்டைச் சுமக்கும். 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்கு இன்னொரு துண்டு போய்விடும். ஆக, ஆறு துண்டுக்கு 1021 பைட். 1600-ஐ ஆறால் வகுத்தால் நொடிக்கு 266 பாக்கெட் சொச்சம். அதை 1021-ஆல் பெருக்கினால் நொடிக்கு 272 கிலோபைட். காற்றில் ஒரு பிட்கூட வீணாகாமல், ஒரு பாக்கெட்டைக்கூடத் திரும்ப அனுப்பாமல் இருந்தால் கிடைக்கும் உச்சம் இது. 640 எம்.பி.யை இதால் வகுத்தால் 39 நிமிடம்.

இதற்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு. ஃபைலைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்கும் ஓபெக்ஸ் என்ற நெறிமுறை 1990-களில் இன்ஃப்ராரெட்டுக்காக எழுதப்பட்டது. போன்களைத் தலைக்குத் தலை வைத்துப் படம் அனுப்பிய காலத்துச் சரக்கு. பழைய முறையில் அது ஒரு துண்டை அனுப்பிவிட்டு, 'தொடரலாம்' என்ற பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பதில் வந்ததும் அடுத்த துண்டு. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் வழி பின்னால் வந்துவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் அதை ஆதரித்தால்தான் பயன். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் நொடிக்கு 150 முதல் 200 கிலோபைட் கிடைத்தாலே நல்ல இணைப்பு. 160 என்று வைத்தால் நம் வீடியோவுக்கு 67 நிமிடம்.

வெர்ஷன் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம்

'ப்ளூடூத் 5-இல் வேகம் இரட்டிப்பு' என்பது உண்மை. ஆனால் அது லோ எனர்ஜி என்ற தனிப் பிரிவைப் பற்றிய பேச்சு. வாட்ச், சென்சார் போன்றவை பயன்படுத்தும் அந்தப் பிரிவில் 1 மெகாபிட் 2 ஆனது. போனில் 'ஷேர்' அழுத்தி ப்ளூடூத்தைத் தேர்ந்தெடுத்து விண்டோஸுக்கு அனுப்பும் ஃபைல் அந்த வழியாகப் போவதில்லை. பழைய கிளாசிக் ப்ளூடூத்தில்தான் போகிறது. அங்கே உச்சம் அதே 3 மெகாபிட். 5.3 உள்ள இரண்டு கருவிகளும் இந்த வேலையில் 2.1 காலத்துக் கருவிகளைத் தாண்டப்போவதில்லை.

2009-இல் ப்ளூடூத் 3.0 வந்தபோது '24 மெகாபிட்' என்றார்கள். அதன் சூட்சுமம், ப்ளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு ஃபைலை வைஃபை ரேடியோவில் அனுப்புவது. சந்தையில் அது எடுபடவில்லை. 2021-இல் 5.3 வந்தபோது அந்த வசதியை விதிமுறையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். யோசனை மட்டும் சாகவில்லை. இன்றைய ஏர்டிராப்பும் Quick Share-உம் செய்வது கிட்டத்தட்ட அதைத்தான்.

உங்களுடையது சாதாரண மெதுவா, கோளாறான மெதுவா

இதைக் கண்டுபிடிக்க 10 எம்.பி. அளவில் ஒரு ஃபைலை அனுப்பி நேரம் பாருங்கள். 37 நொடி என்பது மேலே போட்ட கணக்கின்படி உச்சம். ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, இதற்கு மேல் கசக்கிப் பிழிய அதில் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஈ.டி.ஆர். இல்லாத பழைய முறையின் உச்சம் நொடிக்கு 90 கிலோபைட். அந்த வேகத்தில் 10 எம்.பி.க்கு 111 நொடி ஆகும். சிக்னல் மோசமானால் ப்ளூடூத் தானாகவே சிறிய பாக்கெட்டுக்கும் பழைய முறைக்கும் இறங்கிவிடும். எனவே இரண்டு நிமிடம் என்பது அது இறங்கிவிட்டது, அல்லது பாக்கெட்டுகள் தொலைந்து தொலைந்து திரும்பப் போகின்றன என்பதற்கான அடையாளம்.

முதலில் பார்க்க வேண்டியது ப்ளூடூத் ஹெட்போன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதே ரேடியோ நேரத்தில் ஒரு பெரிய பங்கு அதற்குப் போகிறது. அதைத் துண்டித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அடுத்தது லேப்டாப்பின் வைஃபை. பெரும்பாலான லேப்டாப்புகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில் இருக்கின்றன, ஆன்டெனாவைக்கூடப் பங்கிட்டுக்கொள்கின்றன. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் எதையாவது டவுன்லோடு செய்துகொண்டிருந்தால் ப்ளூடூத்துக்கு இடையிடையேதான் முறை கிடைக்கும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்குக்கு மாற்றினாலோ, ஃபைல் போகும்வரை அணைத்து வைத்தாலோ சரியாகும். மூன்றாவது, பலர் கவனிக்காதது: யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க். அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும். டிஸ்க்கைக் கழற்றியதும் வேகம் கூடினால் குற்றவாளி அதுதான்.

இத்தனையும் செய்தால் 60 கிலோபைட் 160 ஆகும். 67 நிமிட வேலை 5 நிமிட வேலையாக ஆகாது. அதற்கு ப்ளூடூத்தை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

கேபிள்

ஒரே ஒரு முறை பெரிய ஃபைலை மாற்ற வேண்டும், கையில் கேபிள் இருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம். டைப்-சி துவாரம் இருந்தாலும் நடுத்தர விலை போன்கள் பலவற்றில் உள்ளே இருப்பது யுஎஸ்பி 2.0-தான். அதுவே நடைமுறையில் நொடிக்கு 30 எம்.பி. அளவு தரும். 640 எம்.பி.க்கு 20 நொடி சொச்சம்.

செருகியதும் ஆண்ட்ராய்டு சார்ஜ் மட்டும்தான் செய்யும். மேலிருந்து இழுத்து, யுஎஸ்பி பற்றிய நோட்டிஃபிகேஷனைத் தட்டி, 'File transfer' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் லேப்டாப்பில் போன் தெரியும். போன் லாக்காகி இருந்தால் ஃபோல்டர் காலியாகக் காட்டும். திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் அந்த நோட்டிஃபிகேஷனே வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பவர் பேங்க், ஹெட்போன் போன்றவற்றோடு வரும் சில கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது. அவற்றை வைத்துக்கொண்டு டிரைவரைத் தேடுவது வீண்.

கேபிளின் பலவீனம் குட்டி ஃபைல்கள். ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் எம்.டி.பி. முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாட்ஸ்அப் படங்கள் மூவாயிரம் உள்ள ஃபோல்டரைத் திறந்தாலே பட்டியல் வர நேரம் பிடிக்கும், காப்பி நடுவில் நின்றாலும் ஆச்சரியமில்லை. போனிலேயே ஃபைல் மேனேஜரில் அவற்றை ஒரே ஜிப் ஃபைலாக ஆக்கிவிட்டு மாற்றுவது புத்திசாலித்தனம்.

ஹாட்ஸ்பாட்டும் லோக்கல்சென்டும்

அடிக்கடி மாற்றுபவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். லோக்கல்சென்ட் இலவசமான ஓப்பன் சோர்ஸ் ஆப். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். இரண்டு கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும், இன்டர்நெட் தேவையில்லை.

வீட்டில் ரவுட்டர் இருந்தால் இரண்டையும் அதில் இணைக்கலாம். ஆனால் ரவுட்டர் வழியாகப் போகும்போது ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. போனிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, அங்கிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு முறை. அக்கம்பக்கத்து வைஃபைகளெல்லாம் முட்டிமோதும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இது நொடிக்கு 3 எம்.பி.யாகச் சுருங்குவது சகஜம். நம் வீடியோவுக்கு மூன்றரை நிமிடம். போனின் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் போட்டு லேப்டாப்பை நேராக அதில் இணைத்தால் நடுவில் ஆள் இல்லை. 20 முதல் 30 எம்.பி. வரை எதிர்பார்க்கலாம்.

ஹாட்ஸ்பாட் என்றதும் 'டேட்டா தீர்ந்துவிடுமே' என்ற பயம் வரும். போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையில் போகும் ஃபைல் சிம் பக்கமே போவதில்லை, அதற்கு ஒரு எம்.பி.கூடக் கழியாது. உண்மையான ஆபத்து வேறு: நெட் கிடைத்த சந்தோஷத்தில் விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பித்துவிடும். ஆகவே ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்வதற்கு முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் 'No internet' என்று காட்டும், காட்டட்டும்.

பிறகு லேப்டாப்பில் ஆப்பைத் திறந்து வைத்து, போனில் ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பின் பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பத்தில் ஒன்பது முறை காரணம் விண்டோஸ் ஃபயர்வால். புதிய வைஃபையை விண்டோஸ் 'Public network' என்று எடுத்துக்கொண்டு, உள்ளே வருபவர்களைத் தடுக்கும். வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க்கின் பண்புகளுக்குள் போய் 'Private network' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபயர்வாலில் கையால் திறக்க நேர்ந்தால் லோக்கல்சென்டின் போர்ட் 53317. அப்போதும் பெயர் வரவில்லையென்றால் லேப்டாப்பின் முகவரியைப் போனில் நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். முகவரியைப் பார்க்க, லேப்டாப்பில் Command Prompt-ஐத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ipconfig
```

இதில் வைஃபை பகுதியில் 'IPv4 Address' என்ற வரியில் இருப்பதுதான் அந்த முகவரி.

இரண்டு தடங்கல்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஹாஸ்டல், அலுவலகம், ஓட்டல் வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அங்கே ஃபயர்வாலை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை, சொந்த ஹாட்ஸ்பாட்தான் வழி. இன்னொன்று, 5 கிகாஹெர்ட்ஸில் போட்ட ஹாட்ஸ்பாட்டின் பெயர் லேப்டாப் பட்டியலில் வரவே இல்லையென்றால், லேப்டாப்பின் வைஃபை கார்டு 2.4 மட்டும் அறிந்த பழைய கார்டாக இருக்கலாம். அப்போது ஹாட்ஸ்பாட்டையும் 2.4-க்கு இறக்குங்கள். அதுவும் ப்ளூடூத்தைவிடப் பல மடங்கு வேகம்தான்.

Quick Share

கூகுளின் Nearby Share-உம் சாம்சங்கின் Quick Share-உம் 2024 தொடக்கத்தில் ஒன்றாகி Quick Share என்ற பெயரில் தொடர்கின்றன. விண்டோஸுக்கும் ஆப் உண்டு. ப்ளூடூத்தை ஆளைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, ஃபைலை வைஃபையில் அனுப்புகிறது. சரியாக அமைந்தால் ஹாட்ஸ்பாட் வேலைகூட மிச்சம்.

சிக்கல், அது வழுக்கி விழும்போது வாயைத் திறந்து சொல்வதில்லை. வைஃபை இணைப்பு அமையாவிட்டால் சத்தமில்லாமல் ப்ளூடூத்திலேயே ஃபைலை அனுப்பத் தொடங்கிவிடும். கண்டுபிடிப்பது எளிது: நூறு எம்.பி. சில நொடிகளில் போக வேண்டும். அது பத்து நிமிடம் காட்டினால் மேலே பார்த்த 160 கிலோபைட்டில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறது. உடனே ரத்து செய்துவிட்டு லேப்டாப்பின் வைஃபை ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். லேன் கேபிளில் நெட் வருவதால் வைஃபையை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது பலரின் பழக்கம். வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால்தான் அசல் போகும். ஆனால் 640 எம்.பி. மேலே ஏறி மறுபடி கீழே இறங்க வேண்டும். லேப்டாப்புக்கும் அதே சிம்மின் நெட் என்றால் மொத்தம் 1280 எம்.பி. தினம் 1.5 ஜி.பி. பேக்கில் இருப்பவருக்கு அன்றைய கணக்கு அதோடு முடிந்தது.

ப்ளூடூத்தே போதும் என்ற இடம்

5 எம்.பி.க்குக் கீழே என்றால் ப்ளூடூத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 400 கிலோபைட் பிடிஎஃப் மூன்று நொடியில் போய்விடும், நான்கு எம்.பி. படம் 25 நொடியில். கேபிளைத் தேடி எடுக்கும் நேரத்துக்கு இது மோசமில்லை. ஆப் எதுவும் நிறுவ முடியாத லேப்டாப், நெட்வொர்க்கே இல்லாத இடம் என்றால் இன்னும் வசதி. ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட்டை பிரின்ட் எடுக்க, அவர்கள் கம்ப்யூட்டரில் நம் மெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் பேரிங்கை நீக்கிவிட்டு வர வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி கிடையாது. ஐபோன் ப்ளூடூத்தில் விண்டோஸுக்கு ஃபைல் அனுப்புவதை ஆதரிப்பதே இல்லை.

விண்டோஸில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். பேர் ஆகியிருந்தாலும், பெறுவதற்கான ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் போனில் அனுப்பியது தோல்வி என்றே வரும். விண்டோஸ் கீயோடு R-ஐ அழுத்தி இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
fsquirt
```

வரும் ஜன்னலில் 'Receive files' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'Waiting for a connection' என்று வந்த பிறகு போனில் அனுப்புங்கள். முழுவதும் வந்து சேர்ந்ததும் எந்த ஃபோல்டரில் வைப்பது என்று கேட்கும். அங்கே 'Finish' அழுத்தினால்தான் ஃபைல் நம் கைக்கு வரும். வந்துவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடினால் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். நடுவில் இணைப்பு அறுந்தாலும் அதே கதை: விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இதில் இல்லை. 95 சதவீதத்தில் அறுந்தாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 640 எம்.பி.யை இந்த வழியில் அனுப்பக் கூடாது என்பதற்கு ஒரு மணி நேரக் காத்திருப்பைவிட இதுவே பெரிய காரணம்.